அப்டேட் வந்து பஸ் நின்னுபோச்சா? யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-ல் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துல இருந்து நமக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "ப்ரோ, நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. ராத்திரி ஸ்டீம்ல அப்டேட் ஏறிடுச்சு. இப்ப எஸ்.இ.டி.சி. பஸ் எடுத்தா கேம் அப்படியே மூடிக்குது." இல்லேன்னா பஸ் வருது, ஹார்ன் வரல. இன்னைக்கு இதை மட்டும்தான் பேசப்போறோம்.

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, செக் நாட்டுல பிராக் நகரத்துல இருக்கிற எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல வெளியிட்ட கேம். ஐரோப்பாவுல லாரி ஓட்டுறதுக்குச் செஞ்சது. நம்ம ஊர்ல அதை லாரிக்காக வாங்கினவங்களைவிட பஸ்ஸுக்காக வாங்கினவங்கதான் அதிகமோன்னு எனக்குத் தோணும். டி.என்.எஸ்.டி.சி., எஸ்.இ.டி.சி. பெயிண்ட் அடிச்ச பஸ், ஏர் ஹார்ன், இந்திய ரோடு மேப் எல்லாமே மாட். எதுவும் கம்பெனி கொடுத்தது இல்ல. ஆர்வலர்கள் ராத்திரி உட்கார்ந்து செஞ்சது. கேமுக்கு வருஷத்துக்குச் சில பெரிய பேட்ச் வரும். ஒவ்வொரு பேட்சுலயும் கேமோட உள்கட்டமைப்புல ஏதாவது ஒண்ணு மாறும். மாட் பழைய கட்டமைப்புக்கு எழுதினதா இருந்தா அது அங்கேயே மாட்டிக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் 2020-ல வந்த 1.37. அதுவரைக்கும் மாட் செய்றவங்க ஹார்ன் சத்தத்தையும் இன்ஜின் சத்தத்தையும் சாதாரண ஆடியோ ஃபைலா வெச்சு, ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல அதோட பேரை எழுதினாப் போதும். 1.37-ல எஸ்.சி.எஸ். ஒலி அமைப்பையே மாத்தி எஃப்மாட் என்ற முறைக்குப் போனாங்க. சத்தம் எல்லாம் `.bank` என்கிற ஃபைலுக்குள்ள கட்டி வெச்சிருக்கணும்னு ஆயிடுச்சு. பழைய பஸ் மாட் அப்படியே வந்து நிக்கும், ஓடவும் செய்யும், ஆனா ஊமை. அதே மாதிரி 2021-ல வந்த 1.40 ஒளி அமைப்பை மாத்திச்சு. அதுக்கப்புறம் பழைய மாடுகளோட விளக்கும் கண்ணாடியும் பாக்கவே சகிக்கல. மாட் செஞ்சவர் மேல தப்பு இல்ல, கம்பெனி மேலயும் தப்பு இல்ல. ஆனா மாட் செஞ்சவர் அதைத் திருத்தி வெளியிட ஒரு வாரம் ஆகலாம், மூணு மாசம் ஆகலாம், அவர் மாட் செய்றதையே விட்டுட்டுப் போயிருக்கலாம்.

அந்த இடைவெளிக்குத்தான் எஸ்.சி.எஸ். ஒரு வழி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு பெரிய வெர்ஷன் வந்ததும், அதுக்கு முந்தின வெர்ஷனை ஸ்டீம்ல தனிக் கிளையா விட்டு வைப்பாங்க. பீட்டா கிளைன்னு சொல்றோம். பேருதான் பீட்டா, பல நேரம் உள்ளே இருக்கிறது பழசு. உதாரணத்துக்கு 1.50 வந்தப்ப 1.49-க்கான கிளை பட்டியல்ல இப்படித் தெரியும்:

```
temporary_1_49 - 1.49.x for incompatible mods
```

டெம்பரரின்னு பேர் வெச்சிருந்தாலும் பல வருஷத்துக்கு முந்தின வெர்ஷன்களும் அந்தப் பட்டியல்ல கிடக்கு.

ஆனா அவசரப்பட்டு அங்கே ஓடாதீங்க. முதல்ல உடைஞ்சது கேமா, மாடான்னு பாக்கணும். கேம் ஆரம்பத்துல புதுசா ஒரு ப்ரொஃபைல் போடுங்க, ஒரு மாட்கூட சேர்க்காதீங்க. அதுல கேம் ஒழுங்கா ஓடினா கேம்ல குறை இல்ல, ஏதோ ஒரு மாட்தான். அடுத்து மாட் மேனேஜரைத் திறந்து பாருங்க. இந்த வெர்ஷனுக்குப் பொருந்தாததுன்னு எச்சரிக்கை போட்டிருக்கிற மாட் எதுன்னு அங்கேயே தெரியும். அது சும்மா ஒரு ஸ்கின்னோ, பின்பக்க ஸ்டிக்கரோன்னா அதை மட்டும் எடுத்துட்டுப் புது வெர்ஷன்லயே இருங்க. ஒரு ஸ்டிக்கருக்காக மொத்த கேமையும் பின்னாடி இழுக்கிறது வேண்டாத வேலை. உங்க மேப் மாடோ, தினமும் ஓட்டுற பஸ்ஸோ உடைஞ்சிருந்தா மட்டும் கிளை மாத்துங்க.

இங்கே ஒரு குறுக்கு வழி யூட்யூப்ல சுத்துது. மாட் ஃபைலுக்குள்ள `manifest.sii`-ன்னு ஒண்ணு இருக்கும், அதுல இப்படி ஒரு வரி:

```
compatible_versions[]: "1.49.*"
```

இதை 1.50-ன்னு மாத்திட்டா எச்சரிக்கை போயிடும். ஆமா, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அந்த வரி ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். எஃப்.சி. ஸ்டிக்கரை மாத்தினா பிரேக் சரியாகுமா? 1.37 கதையில அந்த வரியை எத்தனை தடவை திருத்தினாலும் ஹார்ன் அடிச்சிருக்காது.

சரி, மாத்தணும்னு முடிவு பண்ணிட்டீங்க. கேமை முழுசா மூடுங்க. இப்ப கிளையைத் தொடாதீங்க, முதல்ல சேவ். நிறைய பேர் நூறு மணி நேர உழைப்பைத் தொலைக்கிற இடம் இதுதான். புது வெர்ஷன்ல ஒரு தடவை திறந்து சேவ் ஆன ப்ரொஃபைலைப் பழைய வெர்ஷன் படிக்கும்னு நம்பவே கூடாது. பழைய சேவைப் புது கேம் மாத்தி எடுத்துக்கும், புது சேவைப் பழைய கேம் எடுத்துக்காது. ஒருவழிப் பாதை.

`Documents` ஃபோல்டருக்குள்ள `Euro Truck Simulator 2`-ன்னு இருக்கும். அதை அப்படியே காப்பி பண்ணி வேற டிரைவ்ல வைங்க. உள்ளே `profiles`-ன்னு ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள போனா வெறும் எண்ணும் எழுத்துமா ஃபோல்டர் பேர் தெரியும், பயப்பட வேண்டாம். அது உங்க ப்ரொஃபைல் பேர்தான், ஹெக்ஸ் கோடுல எழுதியிருக்கும். Avadi-ன்னு பேர் வெச்சிருந்தா ஃபோல்டர் `4176616469`-ன்னு இருக்கும்.

அதே இடத்துல இன்னொரு நல்ல விஷயம் கிடக்கும். பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் முதல் தடவை திறக்கும்போது, கேம் தானாவே பழைய ப்ரொஃபைல்களை ஒரு காப்பி எடுத்து வைக்கும். ஃபோல்டர் பேர் `profiles(`-ன்னு ஆரம்பிச்சு, நடுவுல பழைய வெர்ஷன் எண் வந்து, `.bak`-ன்னு முடியும். பழைய வெர்ஷனுக்குப் போனதும் உங்களுக்கு வேணும்கிறது இதுக்குள்ள இருக்கிறதுதான். இப்ப இருக்கிற `profiles` ஃபோல்டருக்கு வேற பேர் வெச்சு ஒதுக்கிட்டு, இந்தக் காப்பிக்கு `profiles`-ன்னு பேர் மாத்துங்க. அப்டேட்டுக்கு முந்தின நாள் நீங்க நின்ன கராஜ்ல போய் நிப்பீங்க. அதுக்கப்புறம் ஓட்டின ட்ரிப் போயிடும், அது போனதுதான்.

இதெல்லாம் ப்ரொஃபைல் உங்க கம்ப்யூட்டர்லயே இருந்தா சரி. ஸ்டீம் க்ளவுட்ல வெச்சிருந்தா, உண்மையான சேவ் இந்த இடத்துல இருக்காது. ஸ்டீம் போட்டிருக்கிற ஃபோல்டர்ல `userdata`-க்குள்ள, கேமோட எண்ணான `227300`-க்குக் கீழ இருக்கும். அங்கே நீங்க பழசை வெச்சாலும் க்ளவுட் புதுசை மேல எழுதிடலாம். அதனால ப்ரொஃபைல் எடிட் பண்ற திரையில ஸ்டீம் க்ளவுட் டிக்கை எடுத்துட்டு, ப்ரொஃபைலை எப்பவுமே உள்ளூர்ல வைங்க. மாட் போட்டு ஆடுறவங்க இதை முதல் நாளே செஞ்சிடணும்ங்கிறது என் கட்சி.

இப்ப கிளை. ஸ்டீம் லைப்ரரியில கேம் பேர் மேல ரைட் க்ளிக், `Properties`, அதுல `Betas`-ன்னு வர்ற பகுதி. அங்கே ஒரு பட்டியல் இறங்கும், `None`-ன்னு நிக்கும். அதுல `temporary_1_49`-ஐத் தேர்ந்தெடுங்க. பாஸ்வேர்டு கேக்காது, அந்தக் கட்டம் வேற ரகசியக் கிளைகளுக்கு. ஜன்னலை மூடினதும் டவுன்லோடு தானா ஆரம்பிக்கும். மாறின பகுதியை மட்டும்தான் ஸ்டீம் இறக்கும், ஆனாலும் கேம் ஃபைல்கள் பெருசு பெருசா இருக்கிறதால அளவு ஜி.பி. கணக்குல வரலாம். மொபைல் ஹாட்ஸ்பாட்ல தினம் ஒன்றரை ஜி.பி., ரெண்டு ஜி.பி. கணக்குல ஓட்டுறவங்க முதல்ல டவுன்லோடு பக்கத்துல அளவைப் பாத்துட்டு விடுங்க. பாதியில நெட் தீர்ந்தா அன்னைக்கு ரெண்டு வெர்ஷனும் ஓடாது.

முடிஞ்சதும் கேமைத் திறந்து வெர்ஷன் எண்ணைப் பாருங்க. முதல் திரையில தெரியும். இல்லேன்னா அதே டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்ல `game.log.txt`-ஐத் திறந்தா ஆரம்ப வரிகள்ல இருக்கும். 1.49-ன்னு இருந்தா வந்துட்டீங்க. கேம் மறுபடி மூடிக்கிட்டா அதே ஃபைலோட கடைசி வரிகளைப் பாருங்க. `<ERROR>`-ன்னு வர்ற வரியில பல நேரம் எந்த மாட், எந்த ஃபைல்னு பேர் இருக்கும். நம்மகிட்ட கேள்வி அனுப்பும்போது ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பதிலா இந்த ஃபைலை அனுப்புங்க.

வர்க்‌ஷாப் மாட் பத்தி ஒரு வார்த்தை. சில மாட் செய்றவங்க ஒரே மாடுக்குள்ள பழைய வெர்ஷனுக்கு ஒரு பிரதி, புதுசுக்கு ஒரு பிரதின்னு வெச்சிருப்பாங்க. கேம் தனக்குப் பொருந்துறதை எடுத்துக்கும். புதுசை மட்டும் வெச்சிருந்தா, நீங்க 1.49-க்குத் திரும்பினதும் அந்த மாட் எதிர்ப்பக்கமா உடையும். நம்ம ஊர் பஸ்கள்ல நிறைய, லிங்க்ல இறக்குற `.scs` ஃபைல்தான். அது தானா மாறாது. அதனால பழைய ஃபைலை டெலீட் பண்ணாம, பேர்ல வெர்ஷன் எண் போட்டு எடுத்து வைங்க.

பழைய கிளையில இருக்கும்போது சிலது கிடைக்காது. அந்த வெர்ஷனுக்கு அப்புறம் வந்த மேப் டி.எல்.சி. காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் திறக்காது. கான்வாய்ல நண்பர்கள் எல்லாரும் ஒரே வெர்ஷன்ல இருக்கணும், அதனால ஆவடிக்காரர் 1.49-லயும் பூந்தமல்லிக்காரர் 1.50-லயும் சேர்ந்து ஓட்ட முடியாது. ட்ரக்கர்ஸ் எம்.பி. ஆடுறவங்களுக்கு இது புதுசு இல்ல. பெரிய பேட்ச் வந்து அவங்க தயாராகிற வரைக்கும் அவங்களே இந்தக் கிளைக்குப் போகச் சொல்வாங்க.

இந்த வசதி எல்லா கேமுக்கும் கிடையாது. கிளையை விட்டு வைக்கிறது கம்பெனியோட விருப்பம், ஸ்டீம் தானா செய்யாது. 2021 நவம்பர்ல ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு ஆனிவர்சரி அப்டேட் வந்தப்ப, ஸ்க்ரிப்ட் எக்ஸ்டெண்டரை நம்பியிருந்த மாடுகள் கூட்டமா உடைஞ்சது. பழைய 1.5.97-க்குப் போறதுக்குப் பட்டியல்ல கிளை இல்லாம, மக்கள் ஸ்டீம் கன்சோலைத் திறந்து `download_depot` கட்டளையில நீளமான எண்களை அடிச்சுப் பழைய ஃபைலை இறக்கினாங்க. அது வேற எபிசோடுக்கான விஷயம். உங்க கேம்ல `Betas` பட்டியல் காலியா இருந்தா இன்னைக்குச் சொன்னது உதவாது.

கடைசியா, திரும்பி வர்றது. பஸ் மாட் செஞ்சவர் புது வெர்ஷனுக்கு விட்டாச்சுன்னு சொன்னதும், புது `.scs`-ஐ இறக்கி `mod` ஃபோல்டர்ல போட்டு, பழசை அங்கிருந்து எடுத்துடுங்க. ரெண்டும் சேர்ந்து இருந்தா மோதும். `Betas`-ல மறுபடி `None` கொடுங்க. நீங்களா மாத்துற வரைக்கும் ஸ்டீம் உங்களைப் பழைய கிளையிலயேதான் வெச்சிருக்கும், அதனால இதை மறந்துட்டு "எனக்கு மட்டும் அப்டேட் வரல"ன்னு மெசேஜ் அனுப்புறவங்களும் இருக்காங்க. 1.49-ல ஓட்டின ப்ரொஃபைல் மேல ஏறும்போது பிரச்சினை வராது. ஒரு காப்பி மட்டும் எடுத்துட்டு ஏத்துங்க.