யாரை மேசையாக்குகிறோம்?

ஆரணியில் நின்று பேசுவதால் பட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு கடையின் முகூர்த்தப் பட்டு விளம்பரங்களுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தேன். ஒரு படத்தில் மடிசார் கட்டிய மணப்பெண், எதிரே ஓமகுண்டம். அதற்கு நான் வைத்த தலைப்பு 'தமிழர் திருமணம்'. அச்சுக்குப் போகுமுன் அந்தச் சேலையை நெய்த அண்ணனிடம் காட்டினேன். முதலில் ஜரிகையைத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "சேலை நம்மளுதுதாம்பா. ஆனா எங்க வீட்டு கல்யாணம் எதுலயும் ஐயரும் வந்ததில்ல, ஓமமும் வளத்ததில்ல. அப்ப நாங்க யாரு?"

படத்தில் தவறில்லை. அது ஒரு சமூகத்தின் திருமணம். அதையே எல்லோருடைய திருமணமாக்கியது என் தலைப்புதான். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சாதி எதிர்ப்புக் கூட்டங்களில் பேசுகிற நானே அதை மறந்திருந்தேன். யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எண்ணத்தை வைத்து விளம்பரத்தை எடைபோட முடியாது.

இதைவிடப் பெரிய உதாரணம் சொமேட்டோ. 2023 சூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளுக்காக அந்த நிறுவனம் ஒரு காணொளி வெளியிட்டது. பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்யலாம் என்பதுதான் செய்தி. அதைச் சொல்ல 'லகான்' படத்தின் கச்ரா பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். கச்ரா என்றால் இந்தியில் குப்பை. 2001-இல் வந்த அந்தப் படத்தில் அவன் ஊரே தீண்ட மறுக்கும் தலித். விளம்பரத்தில் அதே நடிகரை மேசையாகவும் விளக்காகவும் பூவாளியாகவும் துண்டாகவும் உட்கார வைத்தார்கள், நிற்க வைத்தார்கள். குப்பையிலிருந்து இவ்வளவு பொருள் செய்யலாமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் காணொளியை நீக்கினார்கள். சிலரது உணர்வுகளைத் தங்களை அறியாமல் புண்படுத்தியிருக்கலாம் என்றார்கள். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது.

அறியாமல் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அறிந்திருக்க ஒரு எளிய வழி இருந்தது. அந்த மேசையின் இடத்தில் அதே படத்தின் நாயகன் புவனை வைத்துப் பாருங்கள். சிரிப்பு வராது, விளம்பரமே நிற்காது. ஒரு மனிதனின் பெயரே குப்பை என்பதில்தான் அந்த நகைச்சுவை நிற்கிறது. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தது சாதி. ஆளை மாற்றினால் ஒரு விளம்பரம் செத்துப்போகிறது என்றால், அது எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று கேட்க வேண்டும்.

உடனே ஒருவர் கேட்பார்: "தனிஷ்க் விளம்பரமும் மனசைப் புண்படுத்துதுன்னுதானே எடுத்தாங்க?" ஆம், 2020 அக்டோபரில். ஒரு முஸ்லிம் குடும்பம் தன் இந்து மருமகளுக்கு அவள் வழக்கப்படி வளைகாப்பு நடத்துகிறது. அவ்வளவுதான் கதை. புறக்கணிக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது. ஊழியர்களின் பாதுகாப்பையும் காரணமாகச் சொல்லி நிறுவனம் பின்வாங்கியது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கியோ, அதில் விதிமீறல் எதுவும் இல்லை என்றே சொன்னது. இரண்டு இடத்திலும் 'புண்பட்டது' என்ற ஒரே சொல். ஆனால் ஒன்றில் ஒரு மனிதன் மேசையாக்கப்பட்டான். மற்றதில் யாரும் சிறுமைப்படவில்லை, இரு குடும்பம் சேர்ந்து வாழ்வதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. முதல் வகை எதிர்ப்பு வந்தால் படத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வந்தால் கடை ஊழியர்களுக்குப் பாதுகாப்புத் தேடிவிட்டு, படத்தை அப்படியே விட வேண்டும். 'யாரையும் புண்படுத்தாதே' என்ற ஒற்றை விதியை வைத்திருக்கும் நிறுவனம், அதிகம் சத்தம் போடுபவருக்கே எப்போதும் பணியும்.

என் கதைக்கு வருகிறேன். 'தமிழர் திருமணம்' என்ற தலைப்பை அடித்துவிட்டு, சேலையின் கரை, முந்தானை, ஜரிகை பற்றி எழுதினோம். மாலை மாற்றும் திருமணம் ஒன்றையும், வெள்ளைப் பட்டுடுத்திய கிறித்தவ மணப்பெண்ணையும் சேர்த்தோம். நிக்காஹ் பக்கத்தில்தான் மறுபடி சறுக்கினேன். பச்சைச் சேலை, பின்னால் பிறை. போதும் என்று நினைத்தேன். கடைக்கு வழக்கமாக வரும் ஓர் அக்கா படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பச்சைதான் கட்டுவோம்னு யாரு தம்பி சொன்னது? எங்க வீட்டுப் பொண்ணுங்க செவப்புதான் கேக்குறாங்க. உடம்பெல்லாம் மயிலும் அன்னமும் இருக்கே, அதைக் கட்டிக்கிட்டு நாங்க தொழ மாட்டோம். மாங்காயோ கொடியோ போட்டது இருந்தா காட்டுங்க."

நிறத்தைப் பார்த்த நான் புட்டாவைப் பார்க்கவில்லை. பிறையை எடுத்தோம். கொடிக் கரை போட்ட சிவப்புச் சேலை ஒன்று கடையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படம் பிடிக்க ஒரு நாள் கூடுதலாக ஆனது.