படம் பார்த்துச் சொல்லும் மாதக் கணக்கு
(செட்டிகுளத்தில் குடும்பத் தலைவியர் கூட்டமொன்றில் நாம் பேசியதன் சுருக்கம்)



1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. உங்களில் சிலர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆகவே தோட்டத்து லயத்திலே ஒட்டுவதற்கென்று நாம் தயாரித்த படத்தையே இங்கும் கொண்டு வந்தோம்.

ஒரு வட்டம் 2,000 ரூபா. அரை வட்டம் 1,000. கணவன் மனைவி இருவர் உழைப்பும் 48,000 என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியில் 24 வட்டம். அடுத்த வரி, கைக்கு வருமுன்னே பிடிபடும் சேமலாப நிதி, சந்தா முதலியன: 3 வட்டம். கையில் மிஞ்சுவது 21. அதன் கீழே அரிசி மூட்டைப் படம் போட்டுச் சாப்பாட்டுக்கு 12, புத்தகப் பைக்கு 3, மருந்துப் போத்தலுக்கும் பஸ்ஸுக்கும் 1, மின்குமிழுக்கு 1, கடைக் கடனுக்கு 2. கடைசி வரியில் 2 மிச்சம். எல்லா வரியும் இடது ஓரத்தில் ஒரே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் எது நீளம், எது குட்டை என்று கண்ணே சொல்லும்.

முதலில் நாமும் பிழை விட்டோம். சாப்பாட்டுச் செலவு கூட என்று மூட்டையைப் பெரிதாகக் கீறினோம். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் கூடி, படம் நாலு மடங்கு இடத்தை அடைத்துவிடுகிறது. பார்ப்பவர் செலவும் நாலு மடங்கு என்று நினைத்துவிடுவார். 1920களில் வியன்னா நகரில் ஓட்டோ நொய்ராத் என்பவர் இதற்கு வழி சொன்னார்: படத்தைப் பெருப்பிக்காதே, ஒரே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடு. இன்னொரு பிழை, மருந்துக்குச் சிலுவைக் குறி போட்டது. ஒரு பிள்ளை அதைக் "கூட்டு" என்று வாசித்தது! அதனால்தான் போத்தல் வந்தது. எழுத்துத் தெரியாத ஆச்சி ஒருவர் விரல் வைத்து மேலிருந்து கீழே சொல்லிக்கொண்டு போனால் படம் சரி. எங்கே விரல் நிற்கிறதோ அங்கே திருத்த வேண்டும்.

இங்கே விரலை நிறுத்தியவர் ஓர் அம்மா. "தோட்டத்துல மாசா மாசம் சம்பளம். எங்களுக்கு வெள்ளாமை வெட்டினாத்தானே காசு? மேல் வரியில என்னத்தப் போடுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இடத்திலேயே தாளைத் திருப்பி வேறாகக் கீறினோம். பெரும்போக நெல் விற்று 2,20,000 வந்தால், அடுத்த போகத்து விதைக்கும் உரத்துக்கும் 40,000, அதாவது 20 வட்டம், முதலில் புறம்பாகும். மீதி 1,80,000. அடுத்த காசு வர ஆறு மாதம் என்றால் ஆறு பெட்டி, பெட்டிக்கு 15 வட்டம். செலவு வரிகள் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே வரும். முதல் மாதமே 25 வட்டம் போனால், 10 வட்டத்தை அடுத்த பெட்டியில் வெட்ட வேண்டியதுதான்.

தோட்டத்தில் இருப்போரும் வேலைநாள் குறையும் மாதங்களுக்கு இந்தப் பெட்டிப் படத்தைப் பாவிக்கலாம். நல்ல கொழுந்து மாதத்து வட்டத்தில் எத்தனையை அடுத்த பெட்டிக்குத் தள்ளுவது என்பதை, சம்பளம் எடுத்த அன்றே பென்சிலால் குறித்துவிடுங்கள். பேனை வேண்டாம், அழித்தழித்துத்தான் எழுத வேண்டி வரும்.