காய்ச்சல் இல்லாத விடுப்புக் கடிதம்

(குறுவள மையக் கூட்டத்தில் தமிழாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கடிதப் பயிற்சி பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னார்கள். நான் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். என் வகுப்பு மாணவன் ஒருவன் என்.சி.சி. முகாமுக்குப் போவதற்காகத் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதம் அது. அதை அவன் இரண்டு முறை எழுதினான். முதல் முறை கெட்டுப்போனதில் எனக்கும் பங்கு உண்டு.

பையன் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பிலேயே என்.சி.சி.யில் சேர்ந்தவன். இளையோர் பிரிவில் இரண்டு ஆண்டுப் பயிற்சி என்பது உங்களுக்குத் தெரியும். ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டுமானால் பயிற்சி வகுப்புகளில் 75 விழுக்காடு வருகையும், குறைந்தது ஓர் ஆண்டுப் பயிற்சி முகாமும் முடித்திருக்க வேண்டும். முதல் ஆண்டில் இவன் முகாமுக்குப் போகவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் போகாவிட்டால் இரண்டு ஆண்டுகள் காலையில் மைதானத்தில் சாவ்தான், விஷ்ராம் என்று நின்றதற்குக் கையில் காட்ட ஒன்றும் இராது.

ஜூலையில் ஒரு முகாம் வந்தது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர்தான் என்.சி.சி. அலுவலர். “தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிட்டு வாங்கடா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பையன் எழுதிக்கொண்டு முதலில் என்னிடம் வந்தான், நான் வகுப்பாசிரியர் என்பதால். கடிதம் இதுதான்:

“மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் படித்து வருகிறேன். எனக்கு என்.சி.சி. முகாம் இருப்பதால் என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே எனக்குப் பத்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.”

நான் என்ன செய்தேன்? அவன் எழுதியதில் ‘எனக்கு பத்து’ என்று இருந்தது, ‘ப்’ போட்டேன். ‘பணிவண்புடன்’ என்பதைத் திருத்தினேன். ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தமிழாசிரியர் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தலைமையாசிரியர் அதில் ‘பத்து நாட்கள்’ என்பதற்கு அடியில் சிவப்புக் கோடிட்டு, ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். மறுக்கவில்லை, எந்தப் பத்து நாள் என்று கேட்டார், அவ்வளவுதான். பையனுக்கு அது தெரியவில்லை. சிவப்பு மை என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொண்டான். என்னிடமும் சொல்லவில்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் போய் “நான் வரலை சார்” என்று சொல்லிவிட்டான். அன்று மாலையே பட்டியல் போக வேண்டியிருந்தது. காத்திருந்த இன்னொரு மாணவனின் பெயர் ஏறிவிட்டது.

நான்கு நாள் கழித்து, மைதானத்தில் சீருடைப் பெட்டிகளோடு மற்றவர்கள் வண்டி ஏறும்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. இவன் வகுப்பில் சன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தேன். அப்போதுதான் புரிந்தது, இது காய்ச்சல் கடிதம். ‘காய்ச்சல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘என்.சி.சி. முகாம்’ என்று வைத்திருக்கிறான்.

நாம் ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கும் விடுப்பு விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான். ஊர்க் கொடை என்றாலும் காய்ச்சல், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாலும் காய்ச்சல். பிள்ளைகள் பொய் எழுதுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். அவர்களிடம் இருக்கும் அச்சு அது ஒன்றுதானே? அந்த அச்சின் வினையைப் பாருங்கள்: ‘வர இயலவில்லை’. நடந்து முடிந்ததைச் சொல்லும் வினை. நேற்று வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இன்று கொடுக்கும் கடிதத்துக்கு அது சரி. முகாம் இனிமேல் நடக்கப் போவது. அங்கே வேண்டியது ‘கலந்துகொள்ள அனுமதி’. வினை மாறினால் கடிதம் முழுவதும் மாறிவிடும். பொறுத்துக்கொள்வதற்கு விவரம் வேண்டாம். அனுமதி கொடுப்பதற்கு வேண்டும். என்ன முகாம், எந்தத் தேதி, யார் அழைத்துப் போகிறார், வீட்டுக்குத் தெரியுமா, விட்டுப்போகும் பாடமும் தேர்வும் என்ன ஆகும் என்று தலைமையாசிரியர் கேட்டே தீருவார். பத்து நாள் ஒரு பிள்ளை வெளியூரில் தங்குகிறது, பொறுப்பு அவருடையது.

நவம்பரில் இன்னொரு முகாம் அறிவித்தார்கள். அந்த ஆண்டுக்கு அதுதான் கடைசி. இந்த முறை கடிதத்தை வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவனுக்காக மட்டுமல்ல, நாற்பது பேருக்கும் ஒரு பாடவேளை.

முதலில் நாள் கணக்கு. முகாம் 6ஆம் தேதி புதன்கிழமை தொடங்கி 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை முடிகிறது. பையன் பத்து நாள் என்றான். “பத்து நாள் முகாம், பள்ளிக்கு எத்தனை நாள் வரமாட்டாய்?” என்று கேட்டேன். நடுவில் 9ஆம் தேதி சனி, 10ஆம் தேதி ஞாயிறு. அப்படியானால் எட்டு வேலை நாட்கள். தலைமையாசிரியருக்கு வேண்டியது இந்த எட்டு. முதல் நாள் போய்ச் சேரும் நாள், கடைசி நாள் கலைந்து வரும் நாள், இரண்டும் பத்துக்குள்ளேயே அடக்கம் என்பதையும் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டான். சில சமயம் முதல் நாள் மாலையே கிளம்ப வேண்டியிருக்கும்; அதைக் கேட்காமல் எழுதினால் ஒரு நாள் கணக்கில் வராமல் போகும்.

அடுத்தது தேர்வு. இரண்டாம் இடைப்பருவத் தேர்வு எங்கள் பள்ளியில் 14ஆம் தேதி தொடங்கியது. 14 தமிழ், 15 ஆங்கிலம், பிறகு 18ஆம் தேதி திங்கட்கிழமை கணிதம். அதாவது இரண்டு தேர்வுகள் முகாமுக்குள் விழுகின்றன. இதைக் கடிதத்தில் எழுதலாமா என்று வகுப்பில் பெரிய விவாதம். “எழுதினா விடமாட்டாங்கம்மா” என்றார்கள் பலர். மறைத்தால் தலைமையாசிரியருக்குத் தெரியாமலா போகும், அட்டவணை போட்டவரே அவர்தானே என்றாள் ஒரு மாணவி. எழுதுவது என்று முடிவாயிற்று. சும்மா எழுதாமல், திரும்பி வந்து எழுத வாய்ப்புக் கேட்பது என்றும் முடிவாயிற்று.

இன்னொன்றை நான்தான் சேர்த்தேன். நாம் அலுவலகத்துக்கு எழுதும்போது ‘பொருள்’ போட்டு, அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி போடுகிறோமே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே இல்லை. எந்த ஆணையை அல்லது அறிவிப்பை வைத்துக் கேட்கிறோம் என்று அந்த வரி சொல்லிவிடும். இவனுக்கு அது உடற்கல்வி ஆசிரியரின் சுற்றறிக்கை. பார்வை போட்டுவிட்டால் முகாமின் கதையைக் கடிதத்தில் விவரிக்க வேண்டியதில்லை.

அவன் எழுதிய இரண்டாம் கடிதத்தின் உடற்பகுதியை அப்படியே படிக்கிறேன்:

“பொருள்: என்.சி.சி. ஆண்டுப் பயிற்சி முகாமில் கலந்துகொள்ள அனுமதி வேண்டுதல் – சார்பு.
பார்வை: நம் பள்ளி என்.சி.சி. அலுவலரின் முகாம் சுற்றறிக்கை.
மதிப்பிற்குரிய ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறேன். என்.சி.சி.யில் இரண்டாம் ஆண்டு மாணவன். பார்வையில் கண்ட முகாம் 6ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை நடைபெறுகிறது. நம் பள்ளி மாணவர்களை என்.சி.சி. அலுவலர் ஐயா அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவார். ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுத நான் ஒரு முகாமில் கலந்துகொண்டிருக்க வேண்டும். இதுவரை எந்த முகாமுக்கும் செல்லவில்லை.
இதனால் எட்டு வேலை நாட்கள் வகுப்புக்கு வர இயலாது. அந்நாட்களைப் பள்ளி சார்பில் சென்ற நாட்களாக வருகைப் பதிவேட்டில் கருத வேண்டுகிறேன். 14, 15 தேதிகளில் உள்ள தமிழ், ஆங்கிலத் தேர்வுகளைத் திரும்பி வந்தபின் எழுத அனுமதி தர வேண்டுகிறேன். கணிதத் தேர்வுக்கு வந்துவிடுவேன். என் தந்தையின் இசைவுக் கடிதம் இணைத்துள்ளேன்.”

இதில் ‘விடுப்பு’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். விடுப்பு என்று கேட்டால் விடுப்பு என்றுதான் பதிவாகும். பிள்ளைகள் இதை ‘ஓ.டி.’ என்கிறார்கள். தருவதும் தராததும் தலைமையாசிரியர் முடிவு. ஆனால் கேட்காததை அவர் எப்படித் தருவார்?

கடிதம் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் இணைப்பில் வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தார். அப்பாவின் கையெழுத்தில் இருந்த ‘ழு’வும் பையன் எழுதிய ‘ழு’வும் ஒன்று. பையனின் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். இவன் ஊரில் அப்பத்தாவோடு இருக்கிறான். தலைமையாசிரியர் என் முன்னாலேயே அப்பாவைக் கைப்பேசியில் அழைத்தார். “எந்த முகாம் சார்? பையன் ஒண்ணும் சொல்லலையே” என்றார் அவர்.

பையனைக் கேட்டேன். தலை குனிந்து நின்றான். பிறகு சொன்னான்: “சின்ன வயசுல எனக்கு வீசிங் இருந்துச்சும்மா. அப்பாகிட்ட சொன்னா விடமாட்டாங்க.” இது விளையாட்டில்லை. முகாமில் விடிகாலை ஓட்டம் உண்டு, நாள் முழுக்கப் பயிற்சி உண்டு. மூச்சிரைப்பு உள்ள பிள்ளை என்பது அழைத்துப் போகிறவருக்குத் தெரியாமல் இருந்தால் இரவில் என்ன செய்வார்? இசைவுக் கடிதம் கேட்பதே இதற்காகத்தான். அதை நாம் ஒரு கையெழுத்து என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம், பிள்ளையும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

தலைமையாசிரியர் திட்டவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுத்தார். அப்பா சனி இரவு பேருந்து ஏறி வந்தார். பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மருத்துவர் மூன்று ஆண்டுகளாகத் தொந்தரவு இல்லை என்பதைக் கேட்டறிந்து, சோதித்துப் பார்த்து, தகுதிச் சான்று கொடுத்தார். இழுப்பு மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளவும் சொன்னார். திங்கள் காலை அப்பாவே பள்ளிக்கு வந்து, முன்பு என்ன தொந்தரவு இருந்தது, இப்போது மருத்துவர் என்ன சொன்னார் என்பதைத் தம் கையால் நான்கு வரி எழுதி, கைப்பேசி எண்ணும் போட்டுக் கொடுத்தார். அதை உடற்கல்வி ஆசிரியர் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டார். பெற்றோர் வர முடியாத வீடுகளில் தாத்தா, பாட்டி கைநாட்டு வைத்தால், உறவுமுறையை எழுதி, பெற்றோரிடம் பேசிய நாளையும் அதன் கீழே குறித்து வைப்பது எங்கள் பள்ளியில் அதன் பிறகு வழக்கமாகிவிட்டது.

பையனின் கடிதம் திரும்பி வந்தது. “அனுமதிக்கப்படுகிறது. தமிழ், ஆங்கிலம் 20, 21 தேதிகளில் மாலை எழுதலாம்” என்று எழுதியிருந்தார். மறுபடியும் சிவப்பு மைதான். இந்த முறை முழுவதும் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். 18ஆம் தேதி கணிதத் தேர்வுக்கு வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். மதிப்பெண் சொல்லும்படி இல்லை. அதைப் பற்றிக் கணித ஆசிரியர் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

அடுத்த மாதம் அதே வகுப்பில் ஒரு மாணவி, அக்கா கல்யாணத்துக்குக் கடிதம் கொண்டுவந்தாள். காய்ச்சல் இல்லை. பொருள் சரியாக இருந்தது. அதன் கீழே, ‘பார்வை: திருமண அழைப்பிதழ்’ என்று எழுதி, மஞ்சள் தடவிய அழைப்பிதழையும் குத்தூசியால் இணைத்திருந்தாள். மூன்று நாள் கேட்டிருந்தாள். தலைமையாசிரியர் அழைப்பிதழில் முகூர்த்தத் தேதியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கொடுத்தார்.