கமா எங்கே, கட்டம் எங்கே? அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக்கும்போது கவனிக்க வேண்டியவை
(உரையின் எழுத்து வடிவம்)

பிடிஎஃப்ல இருக்கிற ஒரு அட்டவணையை செல்போன்லயே மாற்றி, .csv கோப்பா சேமிச்சு, ஒரு இணையதளத்துல பதிவேற்றுறீங்க. கட்டங்கள் எல்லாம் இடம் மாறி நிக்குது. ஏன் இப்படி ஆகுது, எப்படிச் சரி செய்யலாம்னு இன்னைக்குப் பார்ப்போம்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. அதில் கட்டமும் கோடும் கிடையாது. கமா வந்தால் அடுத்த கட்டம். வரி முறிந்தால் அடுத்த வரிசை. அவ்வளவுதான். சிக்கல் எங்கே வருதுன்னா, நம்ம தகவலுக்குள்ளேயே கமா இருக்கும்போது.

திருவிடைமருதூர்ல ஒரு விவசாயிகள் குழு, பம்புசெட் வேலைக்குப் பட்டியல் போடுறதா வெச்சுக்குங்க. வரிசை எண், முகவரி, பொருள், தொகை என நாலு கட்டம். மாற்றிய கோப்பில் ஒரு வரிசை இப்படி இருக்கிறது:

```
1,12, தெற்கு வீதி, திருவிடைமருதூர்,4" குழாய்,1,25,000
```

எண்ணிப் பாருங்க. நாலு கட்டம் வர வேண்டிய இடத்தில் எட்டு வருது. முகவரி மூணாச்சு. ஒன்றேகால் லட்சமும் 1, 25, 000 என மூணாச்சு. தொகைக் கட்டத்துல ஊர் பேர் உட்கார்ந்திருக்கு! முகவரியிலும் கமா, லட்சக் கணக்கிலும் கமா என்பதால் நம்ம பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும்.

இதற்கான பொது வழக்கத்தை 2005 அக்டோபரில் வெளிவந்த RFC 4180 என்ற ஆவணம் எழுதி வைத்திருக்கிறது. அதிலிருந்து இரண்டு விதிகள் நமக்குப் போதும்.

முதல் விதி: ஒரு கட்டத்துக்குள் கமாவோ, இரட்டை மேற்கோள் குறியோ, வரி முறிவோ இருந்தால், அந்தக் கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

இரண்டாம் விதி: உள்ளே ஏற்கனவே மேற்கோள் குறி இருந்தால், அதை இரண்டு முறை எழுத வேண்டும். நாலு அங்குலக் குழாய்க்குப் போடுற அங்குலக் குறியும் கம்ப்யூட்டருக்கு மேற்கோள் குறிதான். அதை இரட்டிக்காம விட்டா, 4-க்குப் பிறகு கட்டம் முடிஞ்சதுன்னு அது நினைச்சுக்கும்.

சரியான வரிசை இது:

```
1,"12, தெற்கு வீதி, திருவிடைமருதூர்","4"" குழாய்","1,25,000"
```

இப்போ சரியா நாலு கட்டம்.

அடுத்து, வரி முறிவு. முகவரியை ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரியாக எழுதியிருந்தால், கோப்பில் இப்படி வரும்:

```
1,"12, தெற்கு வீதி
திருவிடைமருதூர்","4"" குழாய்","1,25,000"
```

பார்க்க இரண்டு வரி. ஆனால் மேற்கோள் மூடாமல் இருப்பதால் ஒரே வரிசைதான். விதிப்படி இது சரி. ஆனா சில செயலிகள் மேற்கோளைப் பார்க்காம வரி வரியா வெட்டிடும். அதனால, பதிவேற்றும் முன் முறிவை எடுத்துடுறது பாதுகாப்பு. கூகுள் ஷீட்ஸில் முகவரி B2-வில் இருந்தால், காலியான ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=SUBSTITUTE(B2,CHAR(10),", ")
```

முறிவு இருந்த இடத்தில் கமா வந்துவிடும். தொகையையும் கமா இல்லாமல் 125000 என்று வைத்தால், கூட்டல் கணக்கு போடவும் வசதி.

இன்னொரு விஷயம். ஷீட்ஸில் கட்டத்துக்குள் நீங்களே மேற்கோள் போடாதீங்க. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது தேவையான இடத்தில் செயலியே போட்டுக்கொள்ளும். நீங்களும் போட்டால், அதைத் தகவலாக எடுத்துக்கொண்டு மறுபடி இரட்டிக்கும். கோப்பை எழுத்துச் செயலியில் திறந்து கையால் திருத்தும்போது மட்டும்தான் அது உங்க வேலை.

அப்படித் திருத்தும்போது இரண்டைக் கவனிங்க. போன் கீபோர்டு சில சமயம் நேர் குறிக்குப் பதில் வளைந்த குறி (“ ”) போட்டுடும். அது இந்த விதியில் சேராது. அதேபோல் கமாவுக்கும் மேற்கோளுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. விட்டால், கட்டம் இடைவெளியில் தொடங்குகிறது. அதன் பிறகு வரும் மேற்கோளைத் திறப்பாகப் பல செயலிகள் ஏற்பதில்லை.

கோப்பு சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சேமித்த கோப்பைத் திரும்ப ஷீட்ஸில் திறங்கள். தலைப்புகளுக்கு வலப்பக்கம் தகவல் வழிந்து கிடந்தால், எங்கோ ஒரு கமா மேற்கோள் இல்லாமல் நிற்கிறது. வரிசைகள் குறைந்து, ஒரே கட்டத்தில் பல பேருடைய தகவல் குவிந்திருந்தால், ஒரு மேற்கோள் மூடப்படவில்லை. வரிசைகள் கூடியிருந்தால் வரி முறிவைத் தேடுங்க. எந்த வரிசையில் கோளாறு தொடங்குதோ, அதைத்தான் முதலில் திருத்தணும். கீழே உள்ளவை பெரும்பாலும் தானா சரியாகிடும்.

பதிவேற்றுப் பொத்தானை அழுத்தும் முன் கடைசி வரிசையின் தொகையை ஒரு தடவை மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க.