கலியாணத்துக்குப் பின் எந்தப் பெயர்?

(பழைய மாணவிகளின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்கு இரண்டு பெயர். பாடசாலை இடாப்பில் செல்வி க. மலர்விழி என்று இருந்தவர், இன்றைய அழைப்பிதழில் திருமதி ந. மலர்விழி. கலியாணம் நம் பெயரை மாற்றிவிட்டது என்று நினைக்கிறோம். சட்டப்படி அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கணவன் பெயரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. விவாகச் சான்றிதழிலும் நாம் கலியாணத்துக்கு முந்திய பெயரோடுதான் நிற்கிறோம். தலைப்பெழுத்தை மாற்றியது வழக்கம். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளில் பெரும்பாலோர் தகப்பன் பெயரையே கடைசிவரை வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு.

வழக்கத்தைப் பின்பற்றுவதில் பிழையில்லை. அரைவாசிப் பத்திரங்களில் மாற்றி, மீதியை அப்படியே விடுவதில்தான் வில்லங்கம் வருகிறது. மலர்விழி என்று கற்பனையாக ஒரு வெருகல் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழின் பெயர்க் கூட்டில் வெறும் ‘மலர்விழி’. தகப்பனின் பெயர் தகப்பனுக்குரிய கூட்டில். தேசிய அடையாள அட்டையிலும் க.பொ.த. சான்றிதழிலும் ‘கணபதிப்பிள்ளை மலர்விழி’. நகுலேஸ்வரனைக் கட்டிய பிறகு ஒரு துண்டு வயல் வாங்குகிறார். உறுதியில் ‘திருமதி மலர்விழி நகுலேஸ்வரன்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அடையாள அட்டை பழையபடியே கிடக்கிறது. இருபது வருடம் ஒருவரும் கேட்கவில்லை. மலர்விழி கண்மூடிய பின் மகள் காணியைத் தன் பெயருக்கு மாற்றப் போகிறாள். உறுதியில் உள்ள பெண்ணும் மரணச் சான்றிதழில் உள்ள பெண்ணும் ஒருவர்தானா என்று அங்கே கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடில்லை.

அந்த மகள் இனி விவாகச் சான்றிதழைத் தேட வேண்டும். விபரம் அறிந்த ஒருவரைக் கொண்டு, இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். 2006இல் இடம்பெயர்ந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் போன நம் வெருகல் குடும்பங்களுக்கு, பத்திரம் தேடுவது எவ்வளவு பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை. நொத்தாரிசு அன்று உறுதியில் ‘கணபதிப்பிள்ளை மலர்விழி எனவும் அழைக்கப்படும்’ என்று ஒரு வரியும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்திருந்தால் இவ்வளவு அலைச்சல் வந்திராது.

கணவன் பெயரை எடுப்பதாக முடிவெடுத்தால் முதலில் அடையாள அட்டையை மாற்றுங்கள். விவாகச் சான்றிதழோடு கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்தால், பிரதேச செயலகத்தினூடாக அது ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். கடவுச்சீட்டு, வங்கி, சம்பளக் கோவை எல்லாம் அதன் பிறகு. வெளிநாடு போகும் புதுப்பெண்கள் விமானச் சீட்டைக் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே எடுங்கள். கலியாணப் பத்திரிகையில் போட்ட பெயரில் எடுக்காதீர்கள். விவாகம் எந்தப் பதிவாளர் பிரிவில், எந்தத் திகதியில், எந்த இலக்கத்தில் பதியப்பட்டது என்பதை எங்காவது எழுதி வையுங்கள். சான்றிதழ் தொலைந்தாலும் அதைக் கொண்டு பிரதி எடுக்கலாம்.

பத்திரிகை அறிவித்தல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். “கணபதிப்பிள்ளை மலர்விழி ஆகிய நான் இன்றிலிருந்து நகுலேஸ்வரன் மலர்விழி என அழைக்கப்படுவேன் என இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசுக்கும் பொதுமக்களுக்கும் இத்தால் அறியத்தருகிறேன்” என்ற மாதிரி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஊருக்குச் சொல்லும் அறிவித்தல். எந்தப் பதிவேட்டையும் திருத்தாது. என்றைக்கு, எந்தப் பெயரை விட்டு எந்தப் பெயருக்கு வந்தீர்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கும். கணவன் பெயர் எடுக்க விவாகச் சான்றிதழே அந்த வேலையைச் செய்வதால், அதற்காக மட்டும் விளம்பரக் காசு கொடுப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். விருப்பப்படி இட்ட பெயரையே மாற்றுபவர்களுக்கு அறிவித்தல் உதவும். ஆனால் அவர்கள் அதோடு நிற்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, பிறப்புப் பதிவிலேயே பெயரை மாற்ற வேண்டும். அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்க்கின்றன.

கடல் கடந்திருப்பவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் விவாகச் சான்றிதழைக் காட்டிக் கணவன் பெயருக்கு மாறலாம். கனடாவின் கியூபெக்கில் 1981 முதல் மனைவி தன் பிறப்புப் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆகவே மொன்றியலில் இருக்கும் தங்கை க. மலர்விழியாகவும், லண்டனில் இருக்கும் அக்கா கணவன் பெயரோடும் ஒரே காணிக்கு உரித்துக் கேட்க நேரலாம். உறுதி முடிக்கும்போதே இருவரின் இரண்டு பெயர்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக நம் பாடசாலை அலுவலகத்தின் சார்பில் ஒரு வார்த்தை. விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டு எழுதும்போது, சேர்விடாப்பில் உள்ள பெயரையும் படித்த வருடங்களையும் குறிப்பிடுங்கள். திருமதி நகுலேஸ்வரன் என்று மட்டும் எழுதினால், அந்த இடாப்பில் உங்களைக் கண்டுபிடிக்க வழியில்லை.