போட்டோவில் வெட்டுப்பட்ட வரி

போன வாரம் அக்கா பொண்ணு வாட்ஸ்அப்புல ஒரு கணக்கை போட்டோ எடுத்து அனுப்பினா. "மாமா, விடை சரியா வரமாட்டேங்குது."

கணக்கு இதுதான்: ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஆண்டுக்கு 12% வட்டியில் 50,000 ரூபாய் கடன் வாங்குது. 2 வருஷத்துக்குத் தனிவட்டி, கூட்டு வட்டி எவ்வளவு?

தனிவட்டி சுலபம். வருஷத்துக்கு 6,000, ரெண்டு வருஷத்துக்கு 12,000. கூட்டு வட்டியில முதல் வருஷ வட்டி அசலோட சேர்ந்துடும். அதனால ரெண்டாம் வருஷம் 56,000-க்கு 12%, அதாவது 6,720. மொத்தம் 12,720. அந்தக் கூடுதல் 720-தான் வட்டிக்கு வட்டி.

ஆனா விடைத்தாள்ல 13,123.85. அச்சுப்பிழைன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்புறம் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தா, கீழ் ஓரத்துல ஒரு வரி பாதி வெட்டுப்பட்டிருக்கு. முழுசா எடுக்கச் சொன்னேன். "வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது." அப்போ வீதம் 6% ஆயிடும், நாலு தடவை சேரும். 50,000-ஐ நாலு முறை 1.06-ஆல பெருக்கினா 63,123.85. அசலைக் கழிச்சா விடை சரி.

இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த அக்கா போனை வாங்கினாங்க. "டேய், நானும் குழுவுல 24,000 வாங்கியிருக்கேன். ஒரு ரூபா வட்டி. மாசம் அசல் 1,000, வட்டி 240. இது எந்த வட்டிடா?"

நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய்னா ஆண்டுக்கு 12%, அது சரி. ஆனா புத்தகக் கணக்குல அசல் கடைசி வரைக்கும் அப்படியே கடன்காரர் கையில இருக்கு. அக்கா மாசாமாசம் ஆயிரம் திருப்பிக் கட்டுறாங்க. பாக்கி அசலுக்கு மட்டும் வட்டின்னா முதல் மாசம் 240, அடுத்து 230, 220ன்னு இறங்கி 24-வது மாசம் வெறும் 10 ரூபாய்தான். கூட்டினா 3,000. மாசம் 240-ஏன்னா 5,760. ரெண்டுக்கும் பேரு "ஒரு ரூபா வட்டி"தான்!

"எத்தனை தவணை கட்டியிருக்கீங்க?" "பதினாலு." பாக்கி அசல் கணக்குப்படி 2,450 வரணும், கட்டினது 3,360. வித்தியாசம் 910 ரூபாய்.

உடனே ஏமாத்திட்டாங்கன்னு சொல்லிட முடியாது. முழு அசலுக்கும் வட்டின்னு கடன் தீர்மானத்துலயே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். "அந்தத் தீர்மான நோட்டையும் உங்க பாஸ்புக்கையும் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னேன்.

அக்கா சிரிச்சாங்க. "அனுப்புறேன். ஓரம் வெட்டுப்படாம எடுக்கச் சொல்றேன்."