ஊக்குநர் வேலையை விண்ணப்பத்தில் எழுதுவது எப்படி?

(நாயுடுபுரத்தில் நடந்த கூட்டத்தில் குழு உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் அமைக்கும் திட்டம் தொடங்கியது. அந்தக் காலத்திலிருந்தே குழுவை நடத்திச் செல்வது நம்மில் ஒருத்திதான். கூட்டம் கூட்டுவது, கணக்கு எழுதுவது, வங்கிக்கு அலைவது எல்லாம் அவள் பொறுப்பு. நாம் அவளை ஊக்குநர் என்கிறோம். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அதே பெண், தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வருகிறாள். அல்லது கடைசியில், கோலம், தையலோடு சேர்த்து 'சமூக சேவை' என்று ஒரு வரி. படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 பேர் உள்ள குழு. 6 வருடமாக ஒருத்தி ஊக்குநர். மாதம் 4 கூட்டம். கூட்டத்துக்கு 2 மணி நேரம், பிறகு கணக்கு எழுத 1 மணி நேரம். ஆக 12 மணி. வங்கிக்குப் போய் வர மாதம் 4 மணி. மொத்தம் 16 மணி, அதாவது மாதம் 2 முழு நாள் வேலை. 72 மாதத்துக்கு 144 நாள். கூட்டங்கள் 288. ஒருவர் மாதம் 100 ரூபாய் சேமித்திருந்தால், அவள் கணக்கு வைத்த சேமிப்பு மட்டும் 1,00,800 ரூபாய். உள்கடன், வங்கிக் கடன் தனி.

இப்போது எப்படி எழுதுவது? 'ஆறு வருட அனுபவம்' என்று மட்டும் எழுதினால், நேர்காணலில் 'தினமும் போனீர்களா?' என்று கேட்பார்கள், அங்கே தடுமாறுவோம். '6 ஆண்டுகள், பகுதி நேரம், மாதம் சுமார் 16 மணி, ஊதியமின்றி' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. பதவியின் பெயர், குழுவின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் சேர்க்க வேண்டும். ஊதியம் வாங்காத இடத்தில் வாங்கியதாக எழுதவே கூடாது. சிறு மதிப்பூதியம் கிடைத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

வேலையைச் சொல்லும்போது, குழு செய்ததையும் நாம் செய்ததையும் பிரிக்க வேண்டும். கடன் வாங்கியது குழு. அதற்கான தீர்மானம் எழுதியது, பேரேட்டை வங்கி மேலாளரிடம் காட்டி விளக்கியது ஊக்குநர். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு என்ற பஞ்ச சூத்திரம் இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் தெரிந்ததுதான். ஆகவே அந்த வார்த்தைகளிலேயே எழுதலாம்.

நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: 'தவணை கட்டாதவங்களை என்ன பண்ணுவீங்க?' பொதுவாக, 'எடுத்துச் சொல்லுவோம்' என்பது பதில் ஆகாது. நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மலையில் பூண்டு விற்றால்தான் சில வீடுகளில் கையில் காசு புழங்கும். பூண்டு விற்காத மாதத்தில் தவணை நிற்பதைப் பார்த்து, கூட்டத்தில் பேசி, தீர்மானம் போட்டு, தவணையை விற்பனை மாதத்துக்குத் தள்ளிய ஊக்குநர், அந்த ஒன்றைச் சொன்னாலே போதும். யார் வீடு என்று பெயர் சொல்ல வேண்டாம். குழுப் பேரேட்டை நகல் எடுத்துக் கொண்டுபோகவும் கூடாது, அதில் மற்றவர்கள் கடன் இருக்கிறது.

பேரேட்டுக்குப் பதில் ஒரு சான்றுக் கடிதம் வாங்கலாம். கூட்டமைப்பின் தாளில், காலம், பொறுப்பு, மாத நேரம் மூன்றையும் எழுதி, தலைவியும் செயலாளரும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். விண்ணப்பிப்பவளே தலைவியாக இருந்தால், செயலாளரும் பொருளாளரும் கையெழுத்துப் போடட்டும். தனக்குத்தானே சான்று கொடுத்தால் நம்ப மாட்டார்கள்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு, பட்டம் என்று படிப்புத் தகுதி கேட்டிருந்தால், இந்த அனுபவம் அதற்கு ஈடாகாது. சில நிறுவனங்கள் அனுபவத்துக்காகத் தளர்த்துவார்கள், சிலர் மாட்டார்கள். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட்டால் பஸ் செலவு மிச்சம்.

'முன்பு என்ன சம்பளம்?' என்று கேட்டால், 'ஊதியமில்லை' என்று சொல்லிவிட்டு, 'இந்தப் பணிக்கு என்ன சம்பளம் வைத்திருக்கிறீர்கள், பயணப்படி தனியா?' என்று நாமே கேட்கலாம். முந்தைய சம்பளம் பூஜ்யம் என்பதால் இந்தச் சம்பளம் குறைய வேண்டியதில்லை, வேலை ஒன்றுதானே! பணி ஆணையை எழுத்தில் வாங்காமல் ஊர் ஊராகப் போய் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கூட்டத்தில் ஒரு சகோதரி, 'எங்க குழு கலைஞ்சு போச்சு, யாருகிட்ட கையெழுத்து வாங்கறது?' என்று கேட்டார். குழுவின் பழைய வங்கிப் பாஸ்புக்கில் கணக்கை இயக்கியவர்களாக உங்கள் பெயர் இருந்தால், அந்தப் பக்கத்தின் நகல் ஒரு ஆதாரம். பழைய உறுப்பினர் இருவரிடம் எழுதி வாங்குங்கள். தீர்மானப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும், அதை முதலில் தேடுங்கள்.